சலூன் முன்பதிவில் காலி நேரக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சலூன்களுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் வேலை. கடை நடத்துபவர்களும் புதிதாக நிரல் எழுத வருபவர்களும் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எடுத்து, எளியதிலிருந்து சிக்கலானது வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். கீழே உள்ள பல பதில்கள் இரண்டாம் கேள்வியில் வரும் உதாரணத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. அதை மட்டும் நிதானமாகப் படித்துவிடுங்கள்.

ஒரு நாளை அரை மணி நேரப் பெட்டிகளாகப் பிரித்து, நிரம்பியதை அடித்துக்கொண்டே போனால் போதாதா?

எல்லாச் சேவையும் அரை மணி நேரம்தான், வேலை செய்பவரும் ஒருவர்தான் என்றால் போதும். முடிவெட்ட 30 நிமிடம், ஃபேஷியலுக்கு 60, ஹேர் கலரிங்குக்கு 90 என்று ஆனவுடன் பெட்டி முறை உடைந்துவிடும். காலை 11 மணிப் பெட்டி காலியா என்ற கேள்விக்கு அப்போது விடையே கிடையாது. எதற்குக் காலி, யாரிடம் காலி என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

ஆகவே காலி நேரத்தைச் சேமித்து வைக்காதீர்கள். சேமிக்க வேண்டியவை மூன்று: ஊழியரின் பணி நேரம், அவருடைய இடைவேளையும் விடுப்பும், அவர் பெயரில் உள்ள முன்பதிவுகள். வாடிக்கையாளர் ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்ததும், அந்தச் சேவையின் நீளத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலி நேரத்தை அந்தக் கணத்தில் கணக்கிட வேண்டும்.

சரி, அந்தக் கணக்கை ஒரு முறை கையால் போட்டுக் காட்டுங்கள்.

கடையில் இரண்டு பேர். மூத்தவருக்கு எல்லா வேலையும் தெரியும். இளையவர் கலரிங் மட்டும் செய்ய மாட்டார். இருவருக்கும் பணி நேரம் 10:00 முதல் 2:00 வரை. மூத்தவருக்கு 10:00 முதல் 10:30 வரை ஒரு முன்பதிவும், 12:00 முதல் 12:30 வரை உணவு இடைவேளையும் இருக்கின்றன. இளையவருக்கு 10:45 முதல் 11:30 வரை ஒன்று, 12:30 முதல் 1:00 வரை ஒன்று என இரண்டு முன்பதிவுகள்.

முதலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பணி நேரத்திலிருந்து வேலையுள்ள நேரத்தைக் கழியுங்கள். மூத்தவருக்கு மிஞ்சுவது 10:30–12:00, 12:30–2:00. இளையவருக்கு மிஞ்சுவது 10:00–10:45, 11:30–12:30, 1:00–2:00. இப்போது 60 நிமிட ஃபேஷியல் கேட்கிறார்கள்; தொடக்க நேரம் கால் மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூத்தவரிடம் 10:30, 10:45, 11:00, 12:30, 12:45, 1:00 ஆகியவை பொருந்தும். இளையவரிடம் 11:30, 1:00 இரண்டு மட்டுமே. அவருடைய முதல் இடைவெளி 45 நிமிடம்தான்.

கடைசியாக இரு பட்டியலையும் சேருங்கள். 1:00 இரண்டிலும் வருவதால் திரையில் ஒரு முறை காட்டினால் போதும்; ஆனால் அதன் பின்னால் யார் யார் காலி என்ற விவரத்தை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். ஆக மொத்தம் ஏழு தொடக்க நேரங்கள்: 10:30, 10:45, 11:00, 11:30, 12:30, 12:45, 1:00.

எங்கள் திரையில் நாள் முழுக்கக் காலி என்று காட்டுகிறது, ஆனால் வந்தவருக்குச் செய்ய ஆள் இல்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் சேர்க்கும் வேலையைக் கழிக்கும் வேலைக்கு முன்னால் செய்துவிட்டிருப்பீர்கள். ஒவ்வொரு கால் மணிக்கும் கடையில் யாராவது ஒருவர் சும்மா இருக்கிறாரா என்று பார்த்து, அப்படி நான்கு கால் மணிகள் அடுத்தடுத்துக் கிடைத்தால் ஒரு மணி நேரம் காலி என்று சொல்லும் நிரல் இது. நான் திருத்தப் போன இடங்களில் மிக அதிகமாகப் பார்த்த பிழையும் இதுதான்.

மேலே உள்ள உதாரணத்திலேயே சோதித்துப் பாருங்கள். 10:00 முதல் 2:00 வரை எந்தக் கால் மணியை எடுத்தாலும் இருவரில் ஒருவராவது காலியாகத்தான் இருக்கிறார். ஆகவே இந்த நிரல் 10:00 தொடங்கி 1:00 வரை பதின்மூன்று தொடக்க நேரங்களையும் திறந்துவிடும். உண்மையில் திறந்திருப்பவை ஏழு. மீதி ஆறும் பொய். 12:00 மணிக்கு ஃபேஷியல் பதிந்தவரை இளையவர் 12:30 வரை கவனிப்பார். அதன் பிறகு முகத்தில் கிரீமோடு அவரை மூத்தவரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான்.

அறிகுறி எளிது. ஊழியர் பெயரைச் சொல்லித் தேடும்போது வராத நேரம், யாராக இருந்தாலும் சரி என்று தேடும்போது வந்தால், கணக்கு கலந்துவிட்டது என்று பொருள். பொதுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு நேரமும் குறைந்தது ஒருவருடைய தனிப் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும்.

11:30-க்கு ஒன்று முடிகிறது, 11:30-க்கு அடுத்தது தொடங்குகிறது. இது மோதலா இல்லையா?

மோதல் இல்லை. தொடக்க நிமிடம் முன்பதிவுக்குச் சொந்தம், முடிவு நிமிடம் சொந்தமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முன்பதிவுகள் மோதுகின்றனவா என்று பார்க்க ஒரே வரி போதும்:

```
a_start < b_end AND b_start < a_end
```

இங்கே `<` இருக்க வேண்டிய இடத்தில் `<=` போட்டால் ஒட்டி ஒட்டி வரும் முன்பதிவுகள் எல்லாம் மறைந்துவிடும். 11:30-இல் இளையவர் கிடைக்கவே மாட்டார். அவருடைய சரியாக 60 நிமிட இடைவெளி வீணாகும். சிலர் இதற்கு மருந்தாக முடிவு நேரத்தை 11:29 என்று எழுதி வைக்கிறார்கள். வேண்டாம். அந்த ஒரு நிமிடம் பின்னால் அறிக்கைகளில் எல்லாம் எட்டிப் பார்க்கும்.

தொடக்க நேரங்களை எத்தனை நிமிடத்துக்கு ஒன்றாகக் காட்ட வேண்டும்? சேவையின் நீளத்தையே வைத்துவிட்டேன்.

அது தவறு. 60 நிமிடச் சேவைக்கு மணிக்கு ஒன்று என்று வைத்தால் 10:00, 11:00, 12:00, 1:00 மட்டுமே சோதிக்கப்படும். நம் உதாரணத்தில் 11:00-உம் 1:00-உம் தவிர எல்லாம் தொலைந்துவிடும். இளையவரின் 11:30 இடைவெளியை எந்த வாடிக்கையாளரும் பார்க்கவே மாட்டார். சேவையின் நீளம் எவ்வளவு என்பது ஒன்று, தொடக்கங்களுக்கு இடையே உள்ள தூரம் வேறொன்று. இரண்டாவதற்குப் பெரும்பாலான கடைகளுக்கு 15 நிமிடம் பொருந்துகிறது.

இதோடு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு காலி இடைவெளியின் தொடக்கத்தையும், அது கால் மணியில் விழாவிட்டாலும், சோதியுங்கள். ஒரு முன்பதிவு 11:20-க்கு முடிந்தால் 11:20-ஐயே கொடுக்கலாம். திரையில் 11:20 என்று பார்ப்பது சிலருக்கு உறுத்தும், உண்மைதான். பத்து நிமிடத்தை ஒவ்வொரு முறையும் இழப்பதைவிட அந்த உறுத்தல் பரவாயில்லை என்பது என் கட்சி.

கால் மணிக்கு ஒன்று திறந்துவிட்டால் நடுவில் குட்டிக் குட்டித் துண்டுகள் மிஞ்சுகின்றனவே?

மிஞ்சும். மூத்தவரின் 10:30–12:00 இடைவெளியில் ஒருவர் 10:45-க்கு முடிவெட்டப் பதிகிறார் என்று வையுங்கள். முன்னால் 15 நிமிடம், பின்னால் 45 நிமிடம். உங்கள் மிகக் குறுகிய சேவை 30 நிமிடம் என்றால், இனி அந்த இடைவெளியில் இன்னும் ஒருவர்தான் வரலாம். 10:30, 11:00, 11:30 ஆகியவற்றில் எதைப் பதிந்திருந்தாலும் இன்னும் இருவர் வரலாம்.

ஆகவே ஒரு விதி வைக்கலாம்: முன்னால் மிஞ்சும் துண்டு, பின்னால் மிஞ்சும் துண்டு இரண்டுமே பூஜ்யமாகவோ அல்லது மிகக் குறுகிய சேவைக்கு இடம் தரும்படியோ இருக்க வேண்டும். இந்த விதி 10:45-ஐயும் 11:15-ஐயும் மறைத்துவிடும். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். இளையவரின் 10:00–10:45 இடைவெளியில் முடிவெட்டை எங்கே வைத்தாலும் 15 நிமிடம் வீண்தான். விதியைக் கறாராகப் பிடித்தால் அந்த இடைவெளி முழுவதும் பூட்டிக்கொள்ளும். விதிக்கு உட்பட்ட தொடக்கம் ஒன்றுகூட இல்லாத இடைவெளியில் விதியைத் தளர்த்திவிடுங்கள். நேரம் நெருங்கிய பிறகும் தளர்த்தலாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் வரப்போகும் இடைவெளியைப் பொறுக்கியெடுத்து விற்பதில் அர்த்தமில்லை.

ஃபேஷியல் முடிந்து படுக்கையைச் சுத்தம் செய்யப் பத்து நிமிடம் வேண்டும். சேவையை 70 நிமிடம் என்று போட்டுவிடலாமா?

போட்டால் வாடிக்கையாளருக்குப் போகும் தகவலிலும் 70 என்றே வரும். அவர் ஏமாந்ததாக நினைப்பார். இரண்டு எண்களாக வையுங்கள். வாடிக்கையாளருக்கு 60, ஊழியரின் நாட்குறிப்பில் 70. காலி நேரக் கணக்கு எப்போதும் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும்.

இதன் விளைவு சிறியதல்ல. இளையவரின் 11:30–12:30 இனிப் பொருந்தாது. 1:00–2:00 பொருந்துமா என்பது கணக்கு அல்ல, உங்கள் முடிவு: பணி நேரம் முடிந்த பிறகு பத்து நிமிடம் இருந்து சுத்தம் செய்வார் என்றால் பொருந்தும். ஊழியரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நிரல் எழுதுபவர் தானாகத் தீர்மானித்து, மாதக் கடைசியில் அது சண்டையாக வெடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கலரிங்கில் சாயம் பூசிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் ஊழியர் சும்மாதானே இருக்கிறார்? அதை எப்படிக் காட்டுவது?

சேவையை ஒரே நீளமாக வைக்காமல் துண்டுகளாக வையுங்கள். பூசுவதற்கு 30 நிமிடம், ஊறுவதற்கு 35, அலசி முடிப்பதற்கு 25, மொத்தம் 90. இதில் முதலும் மூன்றாவதும் ஊழியரைப் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் அவர் காலி. மூத்தவரிடம் 10:30-க்கு ஒரு கலரிங் பதிந்தால், அவர் நாட்குறிப்பில் 10:30–11:00, 11:35–12:00 என்று இரண்டு வரிகள் விழும். 11:00 மணிக்கு ஒரு முடிவெட்டு உள்ளே நுழையலாம். 11:30-க்கு முடிந்து ஐந்து நிமிடம் மிஞ்சும்.

கலரிங்குக்கே காலி நேரம் தேடும்போதும் இதே துண்டுகளைத்தான் தனித்தனியாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். 90 நிமிடம் தொடர்ச்சியாகத் தேடினால் மூத்தவரிடம் 10:30, 12:30 என்று இரண்டுதான் கிடைக்கும். துண்டுகளாகத் தேடினால் 11:30-உம் வரும்: 11:30–12:00 பூசுகிறார், ஊறும் நேரம் 12:00–12:35, அதற்குள் அவருடைய உணவு இடைவேளை முடிந்துவிடுகிறது, 12:35–1:00 அலசுகிறார். கணக்குப்படி இது சரியே. ஆனால் வாடிக்கையாளர் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருக்க, யாராவது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இடைவேளையை ஊறும் நேரத்தில் விழ விடுவதா வேண்டாமா என்பதைக் கடைக்காரர் மாற்றக்கூடிய அமைப்பாக வையுங்கள்.

ஊறும் நேரம் ரப்பர் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். முடிவெட்டு பத்து நிமிடம் இழுத்துக்கொண்டால் சாயம் பத்து நிமிடம் கூடுதலாகத் தலையில் இருக்கும்; நிறமே மாறிப்போகலாம். அதனால் நான் நடுவில் நுழைக்கும் சேவைக்கும் அலசும் நேரத்துக்கும் இடையே பத்து நிமிடம் மிச்சம் கேட்பேன். அப்படிக் கேட்டால் மேலே சொன்ன முடிவெட்டு நுழையாது. இது வருமானத்தை விட்டுக்கொடுப்பதுதான், தெரிந்தே சொல்கிறேன்.

ஊழியர் காலியாக இருக்கிறார், ஆனால் நாற்காலி இல்லை. நாற்காலியையும் ஊழியரைப் போலவே கணக்கிட வேண்டுமா?

கணக்கிட வேண்டும், ஆனால் வேறு விதமாக. முதல் வேறுபாடு: முந்தைய பதிலில் ஊழியர் நடுவில் விடுபட்டார், நாற்காலி விடுபடாது. கலரிங் வாடிக்கையாளர் 90 நிமிடமும் அதில்தான் இருக்கிறார். 11:00 மணி முடிவெட்டுக்கு இன்னொரு நாற்காலி வேண்டும்.

இரண்டாவது வேறுபாடு வியப்பாக இருக்கும். ஊழியர்களுக்குத் தவறு என்று சொன்ன அந்த எண்ணிப் பார்க்கும் முறை, ஒரே மாதிரியான நாற்காலிகளுக்குச் சரி. மூன்று நாற்காலிகள் இருந்தால், புதிய முன்பதிவையும் சேர்த்து எந்தக் கணத்திலும் மூன்றுக்கு மேல் தேவைப்படாதவரை, யாரும் நடுவில் எழுந்து இடம் மாறாமல் எல்லோரையும் உட்கார வைக்க வழி நிச்சயம் உண்டு. தொடக்க நேர வரிசையில் காலியாக உள்ள நாற்காலியைக் கொடுத்துக்கொண்டே போனால் போதும். ஆனால் எந்த நாற்காலி யாருக்கு என்று முன்கூட்டியே எழுதி வைக்கக் கூடாது. ஊழியர்களிடம் இது செல்லாததற்குக் காரணம், அவர்கள் பெயரில் முன்பதிவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, ஒவ்வொருவருக்கும் இடைவேளை தனி, தெரிந்த வேலையும் வேறு.

யாராக இருந்தாலும் சரி என்று வாடிக்கையாளர் சொன்னால் யாருக்குக் கொடுப்பது? பட்டியலில் முதலில் இருப்பவருக்கே போய்க்கொண்டிருக்கிறது.

அதே உதாரணத்தில் 1:00 மணி ஃபேஷியலை எடுங்கள். இருவருமே காலி. மூத்தவரிடம் கொடுத்தால் அவருடைய 12:30–2:00 உடைந்து, 12:30 கலரிங் கைவிட்டுப் போகும்; அதைச் செய்யக்கூடியவர் அவர் ஒருவர்தான். இளையவரிடம் கொடுத்தால் அவருடைய 1:00–2:00 இடைவெளி ஒரு நிமிடம்கூட மிஞ்சாமல் நிரம்பும்.

இதிலிருந்து வரிசை கிடைக்கிறது. முதலில் யாருக்குக் குறைவான சேவைகள் தெரியுமோ அவர். அதிலும் சமம் என்றால் யாருடைய இடைவெளியில் குறைவாக மிஞ்சுகிறதோ அவர். அப்புறமும் சமம் என்றால் அன்று குறைவான நேரம் வேலை உள்ளவர். மூன்றாவதை முதலில் வைக்கச் சொல்லி ஊழியர்கள் கேட்பார்கள், குறிப்பாக வேலைக்கேற்பப் பங்கு பெறுபவர்கள். அது நியாயமான கோரிக்கை, கடைக்காரர் தீர்மானிக்கட்டும்.

ஒரே நேரத்தை இரண்டு பேர் பதிந்துவிட்டார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது!

கணக்கு சரிதான், காலம் கடந்துவிட்டது. இருவரும் ஒரே சமயத்தில் பட்டியலைப் பார்த்தார்கள், இருவருக்கும் 11:30 காலி, இருவரும் அழுத்தினார்கள். எழுதுவதற்கு முன் மறுபடியும் சோதித்தாலும், இரண்டு முன்பதிவுகளும் எழுதப்படுவதற்கு முன்னாலேயே இரண்டு சோதனைகளும் நடந்துவிடலாம். காவல் தரவுத்தளத்திலேயே இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் வைத்திருந்தால் இது போதும்:

```sql
CREATE EXTENSION IF NOT EXISTS btree_gist;

ALTER TABLE staff_busy
  ADD CONSTRAINT no_overlap
  EXCLUDE USING gist (staff_id WITH =, during WITH &&);
```

`staff_busy` அட்டவணையில் ஊழியரின் வேலையுள்ள ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வரி. `during` என்பது அந்த நேரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து வைக்கும் `tstzrange` வகை. எழுதும்போது `'[)'` எல்லையோடு எழுதுங்கள். 11:30 மோதல் பற்றிய பதிலில் சொன்ன விதிதான் அது. ஒரு கலரிங்குக்கு இந்த அட்டவணையில் இரண்டு வரிகள், ஒரே பரிவர்த்தனைக்குள். இரண்டாவதாக வந்தவருக்கு `23P01` என்ற பிழை திரும்பும். அதைப் பிடித்து, இந்த நேரம் இப்போதுதான் போய்விட்டது என்று சொல்லிப் புதிய பட்டியலைக் காட்டுங்கள். யாராக இருந்தாலும் சரி என்றவராக இருந்தால், அந்த நேரத்துக்குக் காலியாக உள்ள அடுத்த ஊழியரை நீங்களே முயன்றுவிடலாம். இரண்டாம் பதிலில் விவரத்தை வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

பணம் கட்டி முடிக்கும்வரை பத்து நிமிடம் பிடித்துவைக்கும் பழக்கம் இருந்தால், அதையும் இதே அட்டவணையில் எழுதுங்கள். காலாவதியானதை நீக்குவது உங்கள் வேலை. இந்தக் கட்டுப்பாட்டின் நிபந்தனையில் `now()` எழுத முடியாது. காலத்தோடு மாறும் சார்புகளைப் போஸ்ட்கிரெஸ் அங்கே ஏற்காது. புதிய முன்பதிவை எழுதும் அதே பரிவர்த்தனையின் தொடக்கத்தில், அந்த ஊழியரின் காலாவதியான வரிகளை அழித்துவிடுவது எளிய வழி.

ஃபேஷியலை 75 நிமிடமாக மாற்றினேன். ஏற்கெனவே பதிந்தவை எல்லாம் மோதல் என்று சிவப்பாகிவிட்டன.

முடிவு நேரத்தைச் சேமிக்காமல், தொடக்கத்தோடு சேவையின் தற்போதைய நீளத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பதியும்போது இருந்த நீளத்தையும் துண்டுகளையும் முன்பதிவோடு எழுதி வைத்துவிட வேண்டும். புதிய நீளம் புதிய முன்பதிவுக்கு மட்டும். இளையவருக்கு ஒரே வேலைக்குக் கூடுதல் நேரம் ஆகும் கடைகளில், நீளம் சேவைக்கு மட்டுமே சொந்தமில்லை, சேவையும் ஊழியரும் சேர்ந்த சோடிக்குச் சொந்தம். அப்படியானால் காலி நேரம் தேடும்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் நீளத்தை எடுங்கள்.

11:30-இல் உள்ள தன் ஃபேஷியலை 11:45-க்குத் தள்ள வேண்டும் என்கிறார். பின்னால் இடம் இருந்தும் கிடைக்கவில்லை என்கிறது.

இது நம் உதாரணக் கடை அல்ல; இங்கே 12:30-க்குப் பிறகு ஊழியர் காலி. வாடிக்கையாளரை மறிப்பது அவருடைய பழைய முன்பதிவேதான். 11:30–12:30 வேலையுள்ள நேரமாக நிற்பதால் 11:45 அதோடு மோதுகிறது. நேரம் மாற்றும் தேடலில், கழிக்கும் பட்டியலிலிருந்து அந்த ஒரு முன்பதிவை மட்டும் எடுத்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

எழுதும்போது சிலர் பழையதை ரத்து செய்து, உறுதியாக்கி, பிறகு புதியதைப் பதிகிறார்கள். அந்த இடைவெளியில் வேறொருவர் புகுந்தால் வாடிக்கையாளருக்குப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதே வரியின் `during` மதிப்பை ஒரே `UPDATE`-இல் மாற்றுங்கள். மேலே போட்ட கட்டுப்பாடு ஒரு வரியை அதன் பழைய வடிவத்தோடு ஒப்பிடாது. புதிய நேரம் வேறொருவரோடு மோதினால் `UPDATE` தோற்று, 11:30 இருந்த இடத்திலேயே இருக்கும்.